வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே நின்றவர்கள்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் கூட்டத்துக்கு என்ன வழி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: இன்னொரு கவுன்ட்டர் திறக்க வேண்டும், இன்னும் இரண்டு ஆளைப் போட வேண்டும். வெயிலில் நிற்பவரும் இதைத்தான் சொல்கிறார், ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் கிளார்க்கும் இதைத்தான் சொல்கிறார். இந்த இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வம். அதனாலேயே அந்தப் பதிலைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கத் தோன்றுகிறது.

சோதிப்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் போதும். லைசென்ஸ் விண்ணப்பம் வாங்கும் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போடவேண்டும். முதல் தடவையாக விண்ணப்பம் கொடுக்க வந்தவருக்கு ஒரு கட்டம். "இந்த ஜெராக்ஸ் இல்லை, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டு மறுபடி வந்தவருக்கு இன்னொரு கட்டம். "சார், என் லைசென்ஸ் ரெடியாயிடுச்சா?" என்று கேட்க மட்டும் வந்தவருக்கு மூன்றாவது. வேறு கவுன்ட்டருக்குப் போகவேண்டியவர் இங்கே வந்து நின்றிருந்தால் நான்காவது. தர மேலாண்மைக்காரர்கள் இதைச் சரிபார்ப்புத் தாள் என்பார்கள். உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளில் தரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

கணக்குக்காக ஒரு கவுன்ட்டரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர்ப்பலகையில் எத்தனை மணி நேரம் போட்டிருந்தாலும் மதிய இடைவேளை, சர்வர் மந்தம், மேலதிகாரி கூப்பிடுவது எல்லாம் போக ஒரு நாளில் வேலை நடப்பது 300 நிமிடம் என்று வையுங்கள். விண்ணப்பம் ஒன்றைப் பார்த்து வாங்க 4 நிமிடம், கேள்விக்குப் பதில் சொல்ல 2 நிமிடம். தாளில் விழுந்த கோடுகள் இப்படி இருக்கின்றன: புது விண்ணப்பம் 40, திருப்பி அனுப்பப்பட்டு மறுபடி வந்தவை 30, விசாரிக்க வந்தவர்களும் இடம் மாறி நின்றவர்களும் 25. மொத்தம் 95 பேர். அதற்கு வேண்டிய நேரம் 160, 120, 50 ஆக 330 நிமிடம். இருப்பதோ 300. மாலையில் ஏழெட்டுப் பேர் மிஞ்சுவார்கள். அவர்கள் நாளை காலை வரிசையின் தலையில் நிற்பார்கள்.

இன்னொரு கவுன்ட்டர் திறந்தால் கூட்டம் கரையும், மறுக்கவில்லை. ஆனால் அந்த 30 பேர் அப்போதும் திரும்பி வருவார்கள். இரண்டு கிளார்க்குகளாகச் சேர்ந்து அவர்களைத் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த 30 பேரில் ஒவ்வொருவரும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் என்பது அலுவலகத்தின் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

இப்போது வேறொரு மாற்றம் செய்து பார்ப்போம். ஆளைக் கூட்டாமல், திரும்பி வருகிறவர்களை 30-லிருந்து 6-க்கும், விசாரிக்க வருகிறவர்களை 25-லிருந்து 10-க்கும் குறைக்க முடிந்தால், தேவைப்படும் நேரம் 204 நிமிடம். அதே ஜன்னல், அதே கிளார்க். இருக்கும் நேரத்தில் 68 சதவீதம்தான் செலவாகிறது. மீதி 32 சதவீதம் சும்மா போகிறதே என்று நிதித்துறைக்குத் தோன்றலாம். வரிசையின் சுபாவம் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஆட்கள் முன்பின்னாக வந்து, ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் கூடக்குறைய இருக்கும் இடத்தில், கவுன்ட்டரின் நேரத்தில் 70 சதவீதம் நிரம்பியிருந்தால் சராசரியாக அங்கே இருப்பவர்கள் இரண்டு, மூன்று பேர். 90 சதவீதம் நிரம்பினால் 9 பேர். 95 சதவீதம் என்றால் 19 பேர். வேலை ஐந்து சதவீதம் கூடினால் வரிசையும் ஐந்து சதவீதம் கூடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது இரட்டிப்பாகிறது. பள்ளித் தேர்வு முடிந்து பிள்ளைகள் எல்.எல்.ஆர். போட வரும் மாதத்தில் வரிசை திடீரென்று வாசலைத் தாண்டுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆகவே கேள்வி மாறிவிடுகிறது. அந்த 30 பேர் ஏன் திரும்பி வருகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே இரண்டு மரபுகள் இருக்கின்றன. ஒன்று முழுத் தர மேலாண்மை, தொழிற்சாலைகளில் டி.க்யூ.எம். என்று புழங்குவது. எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1950-இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு எடுத்த வகுப்புகளிலிருந்து வளர்ந்தது. அவர் பெயரால் ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது சென்னையின் சுந்தரம் கிளேட்டன், 1998-இல். ஆகையால் பாடிக்கும் அம்பத்தூருக்கும் இது புதுச் சரக்கு இல்லை. மற்றது செயல்முறை மறுசீரமைப்பு, பி.பி.ஆர். மைக்கேல் ஹாமர் 1990-இல் எழுதிய ஒரு கட்டுரையில் கிளம்பியது. முதலாவது, நடக்கிற வேலையைப் பிழையில்லாமல் நடக்கவைக்கப் பார்க்கும். இரண்டாவது, அந்த வேலை எதற்கு என்று கேட்கும்.

முதலாவதிலிருந்தே தொடங்குவோம். இரண்டு வாரம் அதே தாளில், விண்ணப்பம் திரும்பியதற்கான காரணத்தையும் எழுதிவருகிறோம் என்று வையுங்கள். இத்தகைய பட்டியல்கள் எங்கும் ஒரே வடிவத்தில்தான் வரும்: பத்துப் பன்னிரண்டு காரணங்கள் இருக்கும், அவற்றில் இரண்டு மூன்றுதான் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். நம் ஊர் லைசென்ஸ் கவுன்ட்டரில் அந்த இரண்டு மூன்றில் ஒன்று என்னவாக இருக்கும் என்று தமிழர் எவருக்கும் ஊகிக்க வரும். இனிஷியல்.

பள்ளிச் சான்றிதழில் 'க. செல்வம்'. ஆதாரில் 'செல்வம் கே'. பான் அட்டையில் அப்பா பெயரை விரித்து 'செல்வம் கருப்பையா'. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது அவருக்குத் தெரியும், வரிசையில் பின்னால் நிற்பவருக்குத் தெரியும், கிளார்க்குக்கும் தெரியும்.

"இனிஷியல் ஒத்துப்போகலையே, தம்பி."

"ஸ்கூல்ல அப்படித்தான் சார் போட்டாங்க."

"நான் என்ன பண்ணட்டும்? ஆதாரைத் திருத்திட்டு வாங்க."

இங்கே பலரும் கிளார்க்கின் மேல் பாய்வார்கள். டெமிங் பாயமாட்டார். ஒரு நிறுவனத்தில் நடக்கும் பிழைகளில் 94 சதவீதம் அமைப்பு முறையிலேயே இருக்கிறது, அதைத் திருத்தும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்பது அவருடைய மதிப்பீடு. அந்தக் கிளார்க்கின் இடத்திலிருந்து பாருங்கள். எந்த அளவு வேறுபாட்டை 'ஒரே பெயர்' என்று எடுத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஏற்றுக்கொண்டு பிறகு தணிக்கையில் மாட்டினால் விளக்கம் கேட்டு மெமோ வரும். திருப்பி அனுப்பினால் எந்தக் காலத்திலும் எதுவும் வராது. இந்த நிலையில் உங்களையோ என்னையோ உட்காரவைத்தாலும் திருப்பித்தான் அனுப்புவோம்.

அமைப்பில்தான் கோளாறு என்று நிரூபிக்க ஒரு சோதனை உண்டு. தொழிற்சாலையில் அளவுகோலையே அளந்து பார்ப்பார்கள்; ஒரே உருப்படியை மூன்று பேர் அளந்தால் ஒரே அளவு வருகிறதா என்று. அதையே இங்கே செய்யலாம். பழைய விண்ணப்பங்களில் இருபதை எடுத்து, மூன்று கிளார்க்குகளிடம் தனித்தனியாகக் கொடுத்து, எதை வாங்குவீர்கள், எதைத் திருப்புவீர்கள் என்று குறிக்கச் சொல்வது. ஒருவர் குறித்ததை மற்றவருக்குக் காட்டக்கூடாது. மூவரின் விடையும் ஒன்றாக இருந்தால் விதி தெளிவாக இருக்கிறது, விண்ணப்பிப்பவருக்குத்தான் விவரம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். விடைகள் சிதறினால் விதியே இல்லை. "அந்தம்மா ஜன்னல்ல போய் நில்லுங்க, அவங்க வாங்கிப்பாங்க" என்று வரிசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு விடை எப்படி வரும் என்று தெரியும்.

மருந்து சாதாரணமானது. எந்தெந்தப் பெயர் வேறுபாடுகளை ஏற்கலாம் என்பதை ஏழெட்டு எடுத்துக்காட்டோடு ஒரு பக்கத்தில் எழுதி, மேலதிகாரி கையெழுத்திட்டு, ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒட்டுவது. உள்ளே ஒட்டினால் கிளார்க்குக்குத் தணிக்கைப் பயம் போகும். வெளியே ஒட்டினால் ஆதாரைத் திருத்தவேண்டியவர் வரிசையில் நிற்பதற்கு முன்பே வீட்டுக்குப் போவார். பட்டியலில் அடுத்த காரணம் பெரும்பாலும் படிவம் 1ஏ. நாற்பது வயதைத் தாண்டியவர்களும் வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்களும் கொண்டுவரவேண்டிய மருத்துவச் சான்று அது. டாக்டரின் பதிவு எண் இருக்காது, அல்லது முத்திரை தெரியாது. சான்று கொடுக்கும் பக்கத்துத் தெரு டாக்டர்கள் நாலைந்து பேரிடம் ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வந்தால் தீர்ந்துவிடும் பிரச்சினையை, நூறு விண்ணப்பதாரர்களை நூறு முறை அலையவிட்டுத் தீர்க்கப் பார்க்கிறோம். பிழையை அது பிறக்கும் இடத்தில் தடுப்பது என்று டி.க்யூ.எம். சொல்வது இவ்வளவுதான். மாற்றம் செய்த பிறகு மறுபடி இரண்டு வாரம் கோடு போட்டுப் பார்க்கவேண்டும் என்பதுதான் அதில் எல்லோரும் விட்டுவிடும் பகுதி.

இதுவரை சொன்னதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் நினைத்தால் பெரும்பாலானதைத் தன் எல்லைக்குள்ளேயே செய்யலாம். பெயர் விஷயத்துக்கு மட்டும் ஆணையரகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வேண்டியிருக்கலாம்.

ஹாமர் இந்த இடத்தில் குறுக்கே வந்து, இவ்வளவு பாடுபட்டு மூன்று காகிதங்களில் பெயரை ஒப்பிடுகிறீர்களே, மூன்று காகிதம் எதற்கு என்று கேட்பார்.

அவர் தன் கட்டுரையில் சொன்ன ஃபோர்டு கம்பெனிக் கதை இதே பெயர்ப் பொருத்தம் போன்றதுதான். 1980-களில் ஃபோர்டின் வட அமெரிக்கப் பிரிவில், சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்ய மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கம்ப்யூட்டர் வைத்து அதை 400 ஆக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். அப்புறம் மஸ்டாவைப் பார்த்தார்கள். ஜப்பானில் ஃபோர்டு பங்கு வைத்திருந்த அந்தச் சிறிய கம்பெனியில் அதே வேலைக்கு இருந்தவர்கள் 5 பேர். கம்பெனியின் அளவு வித்தியாசத்தைக் கழித்தாலும் இது எங்கேயோ உதைக்கிறதே என்று தங்கள் வேலையைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது: ஆர்டர், சரக்கு வந்த ரசீது, சப்ளையர் அனுப்பும் பில் ஆகிய மூன்று காகிதங்களிலும் 14 விவரங்கள் ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகாதவற்றைத் துரத்துவதில்தான் பெரும்பாலான நேரம் போய்க்கொண்டிருந்தது. ஃபோர்டு செய்தது, பில்லையே எடுத்துவிட்டது. ஆர்டர் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சரக்கு இறங்கும் இடத்தில் இருப்பவர் அதைப் பார்த்து, சரியாக வந்திருந்தால் வாங்கிக்கொள்கிறார். செக் தானாகப் போகிறது. ஒப்பிடவேண்டிய விவரம் 14-லிருந்து 3 ஆனது, ஆட்கள் முக்கால்வாசி குறைந்தார்கள். 500-ஐ 400 ஆக்கும் பழைய திட்டம் நிறைவேறியிருந்தால், பொருந்தாத பில்லைத் துரத்தும் வேலை கம்ப்யூட்டரில் நடந்திருக்கும், அவ்வளவே.

லைசென்ஸ் விஷயத்தில் இந்தியா இந்த வகை வேலை சிலவற்றைச் செய்திருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது லைசென்ஸ் செல்லுபடியாகும் காலத்தை மாற்றினார்கள். முப்பதுக்கு உட்பட்டவர் எடுத்தால் 40 வயது வரை, முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் என்றால் 10 ஆண்டு, ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் என்றால் 60 வயது வரை, அதற்கு மேல் 5 ஆண்டு. இதற்கு முன் 20 ஆண்டு அல்லது 50 வயது, எது முந்தியோ அது. 18 வயதில் எடுத்தவர் முன்பு 38-இல் வந்தார், இப்போது 40-இல் வருகிறார். ஆனால் 32 வயதில் எடுப்பவர் முன்பு 50 வரை வராமல் இருந்தவர், இப்போது 42-இல் வரவேண்டும். கண்பார்வை, உடல்நிலை பார்க்க அது நல்லதாகவே இருக்கலாம். நான் சொல்லவருவது, புதுப்பிப்பு வரிசையின் நீளத்தை நிர்ணயித்தது டெல்லியில் எழுதப்பட்ட ஒரு வாக்கியம். கவுன்ட்டரில் இருப்பவர் எவ்வளவு விரைவாகத் தட்டினாலும் அதை மாற்ற முடியாது.

2021 மார்ச்சில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 18 சேவைகளை ஆதார் சரிபார்ப்போடு நேரில் வராமலே பெறலாம் என்று அறிவித்தது. எல்.எல்.ஆர்., முகவரி மாற்றம், சோதனை தேவையில்லாத புதுப்பிப்பு, நகல் லைசென்ஸ் எல்லாம் அதில் அடக்கம். ஆதார் வழியாகப் பெயரும் முகவரியும் நேரே வந்துவிட்டால் முகவரிச் சான்றின் ஜெராக்ஸ் என்ற காகிதமே இல்லை. காகிதம் இல்லாத இடத்தில் பொருத்தம் பார்க்கும் வேலையும் இல்லை. தமிழ்நாட்டில் 2024 முதல் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் கையில் கொடுக்காமல் ஸ்பீடு போஸ்ட்டில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். "ரெடியாயிடுச்சா சார்?" வரிசையின் வேரை வெட்டிய மாற்றம் இது, அதோடு கையில் கொடுக்கும்போது கைமாறியதையும் ஓரளவு வெட்டியது.

இதெல்லாம் நடந்தும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் புரோக்கர்கள் இருக்கிறார்கள். மேலாண்மைப் புத்தகங்களில் வராத ஒரு பாத்திரம் இவர். விதி எழுதப்படாத இடத்தில் விதி தெரிந்தவர் அவர்தான் என்பதால், அவர் சம்பாதிப்பதில் ஒரு பகுதி உண்மையான சேவைக்கான கூலி. எந்த டாக்டர் முத்திரை போடுவார், எந்த ஜன்னலில் எந்த இனிஷியல் செல்லும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அந்தப் பகுதியை, சுவரில் ஒட்டிய ஒரு காகிதம் பறித்துவிடும். இன்னொரு பகுதி அப்படிப் போகாது.

2004, 2005-இல் டெல்லியில் நான்கு பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. லைசென்ஸ் எடுக்க விரும்பிய 822 பேரைப் பிரித்து, ஒரு குழுவினரிடம் சீக்கிரம் எடுத்தால் பரிசுத் தொகை என்றார்கள். இன்னொரு குழுவுக்கு இலவசமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவது குழுவை அதன் போக்கில் விட்டார்கள். லைசென்ஸ் வாங்கியவர்களை அவர்களே தனியாக ஓட்டவைத்தும் பார்த்தார்கள். லைசென்ஸ் வாங்கியவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் ஓட்டுநர் சோதனைக்கே போகவில்லை. 62 சதவீதம் பேருக்கு ஓட்டத் தெரியவில்லை. சராசரியாக அவர்கள் செலவழித்தது அரசுக் கட்டணத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. புரோக்கர் இல்லாமல் நேர்வழியில் போனவர்கள் சோதனையில் தோற்றதற்கும் அவர்களுக்கு ஓட்டத் தெரிந்ததற்கும் பெரிய சம்பந்தம் இருக்கவில்லை.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. நேர்வழியைச் சிக்கலாக வைத்திருந்தால்தான் குறுக்குவழிக்கு விலை கிடைக்கும். வரிசை, அலைச்சல், காரணமில்லாத தோல்வி எல்லாம் அந்த வியாபாரத்துக்கு மூலதனம். அப்படிப்பட்ட அலுவலகத்தில் வரிசையைக் குறைக்கும் திட்டம் எதுவும் மெதுவாகத்தான் நகரும். சர்வர் அடிக்கடி படுத்துக்கொள்ளும், ஒட்டிய காகிதம் ஒரு வாரத்தில் கிழிந்துபோகும்.

அதே ஆய்வு இன்னொரு சங்கடத்தையும் கிளப்புகிறது. டி.க்யூ.எம். வாடிக்கையாளரின் திருப்தியைத் தரத்தின் அளவாக வைக்கும். லைசென்ஸ் கவுன்ட்டருக்கு யார் வாடிக்கையாளர்? ஜன்னலில் நிற்பவர் என்றால், ஓட்டத் தெரியாமல் பத்தே நிமிடத்தில் லைசென்ஸ் வாங்கியவர் மிகத் திருப்தியாக இருப்பார். ஆனால் அந்த அலுவலகம் உற்பத்தி செய்வது அட்டையை அல்ல, ரோட்டில் ஓட்டத் தகுந்த ஆளை. அதன் நிஜ வாடிக்கையாளர் ஆபீஸ் பக்கமே வராதவர். மாலையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர், சைக்கிளில் டியூஷனுக்குப் போகும் பிள்ளை. அவர்கள் கருத்துப் பெட்டியில் எதுவும் எழுதிப் போடுவதில்லை.

இதனால் ஒரு லைசென்ஸுக்கான படிகளை எல்லாம் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது என்று தோன்றுகிறது. முகவரிச் சான்று, ரசீது, ஜெராக்ஸ் போன்றவற்றை ஹாமர் சொன்னதுபோலத் துடைத்தெறியலாம். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் சோதனைக்கு வரவேண்டும் என்ற விதியைத் தொடக்கூடாது. அந்த 30 நாள் தாமதம் போலத் தெரிந்தாலும் அது ஓட்டப் பழகுவதற்கான நாள். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டுப் போடும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் தரம் என்ற சொல்லுக்கு உண்மையில் வேலை இருக்கிறது. அங்கே வேகம் தேவையில்லை. சென்சாரும் கேமராவும் வைத்த தானியங்கித் தடங்கள் அங்கே பொருத்தம், ஏனென்றால் கால் ஊன்றினாரா இல்லையா என்பதில் இன்ஸ்பெக்டருக்கு இன்ஸ்பெக்டர் வேறுபாடு வராது. மூன்று கிளார்க்குகளுக்கு வைத்த சோதனையின் நோக்கமும் இதுதானே.

2021-இல் வந்த இன்னொரு விதி இந்த இடத்தில் உறுத்துகிறது. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் பயிற்சி முடித்துத் தேறியவர் ஆர்.டி.ஓ.விடம் மறுபடி ஓட்டிக்காட்டத் தேவையில்லை என்கிறது அது. காகிதத்தில் பார்த்தால் அழகான மறுசீரமைப்பு: ஒரே சோதனையை இரண்டு இடத்தில் எதற்குச் செய்யவேண்டும்? ஆனால் கற்றுக்கொடுக்கக் கட்டணம் வாங்குபவரே தேறினார் என்றும் சொல்லும்போது, அவர் தரும் சான்றை யார் சோதிப்பது என்ற வேலை புதிதாகப் பிறக்கிறது. தேறியவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துத் தனியாக ஓட்டவைத்துப் பார்ப்பது, அதாவது டெல்லி ஆய்வாளர்கள் செய்ததையே அரசு தொடர்ந்து செய்வது, அதற்கு ஒரு வழி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதும் எல்.எல்.ஆர். தேர்விலும் இதே ஓட்டை இருக்கிறது. திரையின் முன்னால் உட்கார்ந்து விடையைத் தட்டுவது யார் விரல் என்பதை உறுதிசெய்வது சுலபமில்லை.

வரிசை குறைந்துவிட்டது என்று ஒரு அலுவலகம் அறிவித்தால் அதை எப்படி நம்புவது? டோக்கன் மெஷின் காட்டும் நேரத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது. டோக்கன் வாங்குவதற்கே வெளியே ஒரு வரிசை நிற்கும்; மெஷினுக்கு அது தெரியாது. 'முப்பது நாளில் தீர்வு' என்று மக்கள் சாசனத்தில் எழுதியிருந்தால், இருபத்தொன்பதாவது நாளில் விண்ணப்பத்தில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டுத் திரும்பிப்போகும். கணக்கு மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கும். சாசனம் மீறப்படவில்லை! எண்ணால் இலக்கு வைத்து ஊழியரை விரட்டாதீர்கள் என்று டெமிங் எச்சரித்தது இதனால்தான்: வழிமுறையை மாற்றாமல் இலக்கை மட்டும் வைத்தால், ஆட்கள் எண்ணைத் திருத்தக் கற்றுக்கொள்வார்கள். நம்பத்தக்க அளவு இரண்டு. லைசென்ஸ் கையில் கிடைத்தவரைக் கேட்கவேண்டும்: முதலில் முயன்ற நாளிலிருந்து இன்று வரை எத்தனை நாள்? எத்தனை முறை வந்தீர்கள்? இதற்கும் சரிபார்ப்புத் தாள் போதும், ஆனால் அதை நுழைவாயிலில் வைக்காமல் வெளியேறும் வாசலில் வைத்துக்கொண்டு உட்காரவேண்டும்.

எல்லாம் சரியாக நடந்த ஓர் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். சுலபமான விண்ணப்பங்கள் ஆன்லைனில் போய்விட்டன. காலையில் கவுன்ட்டருக்கு வருவது 95 பேர் இல்லை, 15 பேர். ஆதாரில் பழைய போன் நம்பர் இருப்பதால் ஓ.டி.பி. வராத பெரியவர். கணவர் இறந்தபின் ஊர் மாறிய அம்மா, அவர் பெயரில் இரண்டு வகை எழுத்து. இருபது ஆண்டுக்கு முன் கையால் எழுதிக்கொடுத்த லைசென்ஸை வைத்திருக்கும் லாரி டிரைவர். அது கம்ப்யூட்டரிலேயே ஏறவில்லை. இவர்களில் ஒருவருக்கு 4 நிமிடம் போதாது. 20 நிமிடம் ஆகும், சில சமயம் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கவும் வேண்டும்.

15 பேருக்கு 20 நிமிடம் என்றால் மறுபடி 300 நிமிடம். அதாவது அந்த ஜன்னல் இப்போதும் நூறு சதவீதம் நிரம்பியிருக்கிறது. மேலிருந்து வரும் அறிக்கையில் மட்டும், முன்பு 95 பேரைக் கவனித்த ஊழியர் இப்போது 15 பேரைக் கவனிக்கிறார், ஒருவருக்கு ஆகும் சராசரி நேரம் பல மடங்கு கூடிவிட்டது என்று இருக்கும். கவுன்ட்டரை மூடிவிடலாம் அல்லது புதிதாகச் சேர்ந்த ஒப்பந்த ஊழியர் ஒருவரை உட்காரவைக்கலாம் என்று யோசனை கிளம்பும் நாள் அதுதான். அந்த ஜன்னலில் உட்காரவேண்டியவர் அலுவலகத்திலேயே மூத்தவர். பழைய பதிவேடு எந்த பீரோவில் இருக்கிறது என்று தெரிந்தவர், பெயர் வேறுபாட்டில் தானே முடிவெடுத்துக் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர்.